குழந்தையின் ஃபார்முலா பாலுக்கு எந்தத் தண்ணீர்? கொதித்தால் போவதும் போகாததும்

டர்பனில் எங்கள் உறவு வீடுகளில் ஒரு குழந்தைக்குப் புட்டிப்பால் தொடங்கும்போதெல்லாம் தண்ணீர் பற்றி மூன்று கருத்துகள் எழும். ஆயா குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் போதும் என்பார். தகப்பன் ஃபில்டர் தண்ணீர்தான் சுத்தம் என்பார். மருத்துவமனையிலிருந்து வந்த தாயோ, கடையில் வாங்கும் பாட்டில் தண்ணீரைத் தவிர வேறெதையும் தொடத் தயங்குவார். மூவர் சொல்வதிலும் ஒரு பாதி சரி. தண்ணீரில் குழந்தைக்குக் கெடுதல் செய்யக்கூடியவை இரண்டு வகை என்பதையும், அவை இரண்டும் ஒரே வழியில் நீங்குவதில்லை என்பதையும் பிரித்துப் பார்த்தால் மறுபாதி விளங்கும்.

முதல் வகை கிருமிகள். இவை கொதியில் சாகும். இரண்டாம் வகை நைட்ரேட், சோடியம், ஃபுளோரைடு, ஈயம் போன்ற கரைந்த பொருள்கள். இவை எவ்வளவு கொதித்தாலும் போவதில்லை. தண்ணீர் ஆவியாக ஆக அவற்றின் செறிவு கூடவே செய்யும். எனவே எந்தத் தண்ணீரைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வி, உண்மையில், கொதித்தாலும் போகாதவை எதில் குறைவாக இருக்கின்றன என்ற கேள்விதான். கிருமியைப் பொறுத்தவரை தேர்வுக்கு இடமே இல்லை. குழாய், ஃபில்டர், பாட்டில் ஆகிய மூன்றுமே கிருமியற்றவை அல்ல என்பதால், மூன்றையும் கொதிக்க வைத்தே தீர வேண்டும்.

முதல் படி: தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று உறுதி செய்யுங்கள்

ஃபில்டர் வாங்குவதற்கு முன், வீட்டுக்கு வரும் தண்ணீர் நகராட்சிக் குழாயா, போர்வெல்லா, மழைநீர் சேரும் ஜோஜோ டேங்கா என்று பாருங்கள். தென்னாப்பிரிக்காவில் குழாய்த் தண்ணீருக்கான தரம் சான்ஸ் 241 எனப்படுகிறது. அதன்படி 100 மில்லி லிட்டர் தண்ணீரில் ஈ.கோலை கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது. நைட்ரேட், நைட்ரஜன் கணக்கில், லிட்டருக்கு 11 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. ஃபுளோரைடு 1.5 மில்லிகிராமுக்கும், சோடியம் 200 மில்லிகிராமுக்கும் மிகக் கூடாது. இந்தத் தரத்தில் ஓடும் நகராட்சித் தண்ணீர், கொதிக்க வைத்தபின், ஃபார்முலா பாலுக்கு முற்றிலும் ஏற்றது. அதைவிட விலை கூடிய தண்ணீர் அதைவிட நல்ல பாலைத் தந்துவிடாது.

போர்வெல் வேறு விஷயம். கரும்புத் தோட்டத்துக்கும் எரு போட்ட வயலுக்கும் செப்டிக் டேங்குக்கும் அருகே உள்ள கிணற்றுத் தண்ணீர் கண்ணாடிபோலத் தெளிந்திருக்கும், சுவையும் இனிமையாக இருக்கும், ஆனாலும் அதில் நைட்ரேட் மிகுந்திருக்கலாம். பெரியவர்கள் ஐம்பது வருடம் குடித்தும் ஒன்றும் ஆகவில்லை என்பது இங்கே சான்றாகாது. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையின், குறிப்பாக முதல் மூன்று மாதக் குழந்தையின், இரத்தம் நைட்ரேட்டிலிருந்து உருவாகும் நைட்ரைட்டைத் தாங்காது. இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழந்துவிடுகிறது. உதடும் நகக்கண்ணும் சாம்பல் கலந்த நீலமாவதும், குழந்தை சோர்ந்து பால் மறுப்பதும் அதன் அடையாளங்கள். அந்த நிறத்தைக் கண்டால் வீட்டில் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். குழந்தைக்குக் கொடுத்தது எந்தத் தண்ணீர் என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

போர்வெல் தண்ணீரை, ஆய்வகங்களின் தரத்துக்குச் சான்று தரும் சானாஸ் அமைப்பின் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் சோதிக்கக் கொடுக்கலாம். அறிக்கை வந்ததும் ஓர் இடத்தில் பலர் தடுமாறுகிறார்கள். நைட்ரேட்டை எழுத இரண்டு கணக்குகள் உண்டு. NO3-N என்றிருந்தால் அது நைட்ரஜன் கணக்கு, எல்லை 11. NO3 என்று மட்டும் இருந்தால் அது முழு நைட்ரேட், எல்லை ஏறக்குறைய 50. முதல் எண்ணை 4.43-ஆல் பெருக்கினால் இரண்டாவது வரும். அறிக்கையில் NO3-N 14 என்று இருப்பதைப் பார்த்து, ஐம்பதுக்குக் கீழேதானே என்று நிம்மதி அடைந்தால் தவறாகிவிடும். 14-ஐ 4.43-ஆல் பெருக்கினால் 62 வருகிறது, அதாவது எல்லையைத் தாண்டிய தண்ணீர். அதைக் கொதிக்க வைத்துக் கொடுப்பது நிலைமையை மோசமாக்கும். எல்லைக்குள் இருப்பதும் நெடுநேரக் கொதியில் வெளியே போய்விடலாம். 9 என்றிருக்கும் ஒரு லிட்டர் தண்ணீர், அடுப்பில் மறந்துவிடப்பட்டு முக்கால் லிட்டராகச் சுண்டினால், 12 ஆகிவிடுகிறது. சுண்டக் காய்ச்சிய தண்ணீர் குழந்தைக்கு நல்லது என்ற பழைய நம்பிக்கையை விட வேண்டியது இதனால்தான்.

டேங்கில் பிடித்த மழைநீரில் நைட்ரேட் பயம் பொதுவாகக் குறைவு. ஆனால் கூரையில் உள்ள பறவை எச்சமும் தூசும் பழைய பெயின்ட்டும் அதில் இறங்கும். வேறு தண்ணீர் கிடைக்கும்வரை அதைக் குழந்தையின் பாலுக்கு எடுக்காதிருப்பதே நல்லது.

இரண்டாம் படி: மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள்

குழாய்த் தண்ணீர் என்றால் குளிர்ந்த குழாயில் பிடித்தது மட்டுமே. கீசரில் நின்ற வெந்நீரைக் கெட்டிலில் ஊற்றினால் சீக்கிரம் கொதிக்குமே என்று பலர் செய்கிறார்கள். கீசரிலும் வெந்நீர்க் குழாயிலும் நெடுநேரம் நிற்கும் தண்ணீர், உலோகத்தைக் குளிர்ந்த நீரைவிட மிகுதியாகக் கரைத்துக் கொள்ளும் என்பதால் அதைத் தவிருங்கள். பழைய குழாய்கள் உள்ள வீட்டில், காலையில் முதல் பிடி தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு, குழாய் நன்றாகக் குளிர்ந்து ஓடியபின் கெட்டிலை நிரப்புங்கள்.

ஃபில்டர் தண்ணீர் என்ற ஒரே பெயருக்குள் வெவ்வேறு வேலை செய்யும் கருவிகள் இருக்கின்றன. மேசைமேல் வைக்கும் ஜக் ஃபில்டரில் இருப்பது பெரும்பாலும் கரி. அது குளோரின் வாடையை நீக்கிச் சுவையைத் தரும், கிருமியைக் கொல்லாது. நகராட்சி போட்ட குளோரின்தான் குழாயில் வரும் வழியெல்லாம் தண்ணீரைக் காக்கிறது. அதை எடுத்துவிட்ட தண்ணீர், வெப்பமான டர்பன் சமையலறையில் ஜக்கில் ஒரு பகல் நின்றால், காவலில்லாத தண்ணீராகிறது. காலம் கடந்த கார்ட்ரிட்ஜைக் கழற்றி அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். வழுவழுப்பு இருந்தால், அங்கே கிருமிகள் படலமாகக் குடியேறிவிட்டன என்று பொருள். பீங்கான் கேண்டில் பாக்டீரியாவைப் பெருமளவு பிடிக்கும், ஆனால் வைரஸ் அதைவிட நுண்ணியது. யூவி விளக்குள்ள கருவி மின்சாரம் இருக்கும்வரை நன்றாக வேலை செய்யும். லோட் ஷெடிங்கில் விளக்கு அணைந்தாலும் சில வீடுகளில் டேங்கின் அழுத்தத்தால் அதே குழாயில் தண்ணீர் தொடர்ந்து வரும். பார்ப்பதற்கு வேறுபாடே தெரியாது.

வீட்டுக் கருவிகளில் கரைந்த பொருள்களைக் கணிசமாகக் குறைப்பது பெரும்பாலும் ஆர்ஓ என்னும் எதிர்ச்சவ்வூடு கருவியே. நைட்ரேட்டோ உப்போ மிகுந்த போர்வெல் வீட்டுக்கு அது உண்மையில் பயன் தரும், ஆனால் கருவிக்குப் பின் வரும் தண்ணீரையும் ஒருமுறை சோதிக்க வேண்டும், ஏனெனில் சவ்வு தேய்ந்துவிட்டால் வெளியே எந்த அறிகுறியும் தெரியாது. ஆர்ஓ தண்ணீரில் தாது குறைந்துவிடுமே என்று அஞ்ச வேண்டாம். குழந்தைக்கு வேண்டிய தாதுகளை ஃபார்முலா பவுடரே அளந்து தருகிறது. இதற்கு எதிரானது, கடின நீரை மென்மையாக்க வீட்டில் பொருத்தும் சாஃப்ட்னர். அது சுண்ணாம்பை எடுத்துக்கொண்டு அதற்குப் பதிலாகச் சோடியத்தைத் தண்ணீரில் விடுகிறது. அந்தத் தண்ணீர் துணி துவைக்க நல்லது, குழந்தையின் புட்டிக்கு ஆகாது.

பாட்டில் தண்ணீரை வாங்கும்போது லேபிளைத் திருப்பிப் படிக்க வேண்டும். தென்னாப்பிரிக்காவில் 2006-இல் வந்த விதிகள் பாட்டில் தண்ணீரை மூன்றாக வகுக்கின்றன: இயற்கை நீர், மூலம் குறிக்கப்பட்ட நீர், தயாரிக்கப்பட்ட நீர். முதல் இரண்டும் நிலத்தடியிலோ ஊற்றிலோ எடுக்கப்பட்டவை, ஆதலால் அந்த மண்ணின் உப்பு அவற்றில் இருக்கும். மூன்றாவது, பெரும்பாலும் குழாய்த் தண்ணீரையே வடிகட்டிச் சுத்திகரித்தது. இயற்கை என்ற சொல் கவர்ச்சியாக இருந்தாலும், குழந்தையின் பாலுக்கு உப்புக் குறைந்த தயாரிக்கப்பட்ட நீரே பலநேரம் பாதுகாப்பான தேர்வு. லேபிளில் Sodium அல்லது Na என்ற வரியில் 200-க்குக் கீழும், Sulphate அல்லது SO4 வரியில் 250-க்குக் கீழும் இருக்க வேண்டும். நைட்ரேட் வரியை மேலே சொன்ன கணக்கோடு பாருங்கள். எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது என்ற கண்ணோடு இரண்டு பாட்டில்களை அருகருகே வைத்துப் பார்த்தால் தேர்வு எளிதாகிவிடும். கேஸ் ஏற்றிய தண்ணீரும், சுவை சேர்த்த தண்ணீரும் ஆகா.

கடையில் சொந்தக் கேனைக் கொண்டுபோய் நிரப்பி வரும் ரீஃபில் தண்ணீரை இந்தக் கணக்கில் பாட்டில் தண்ணீராகச் சேர்க்காதீர்கள். அங்கே தண்ணீர் ஆர்ஓவில் சுத்தமாகவே வந்தாலும், மூடியும் கேனின் கழுத்தும் நம் வீட்டுச் சுத்தத்தைப் பொறுத்தவை. சீல் உடையாத பாட்டிலே கிருமியற்றது அல்ல என்னும்போது, ரீஃபிலைக் கொதிக்க வைக்காமல் கலப்பதைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை.

மூன்றாம் படி: சரியாகக் கொதிக்க வையுங்கள்

கெட்டிலில் இருக்கும் பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஒரு லிட்டர் நிரப்புங்கள். தானாக அணையும் கெட்டில் என்றால் அது அணையும்வரை விடுங்கள். சூடு வந்துவிட்டது என்று முன்பே எடுக்க வேண்டாம். அடுப்பில் வைத்தால், அடியில் சிறு குமிழிகள் எழுவது கொதி ஆகாது. தண்ணீர் முழுவதும் புரண்டு கொதிக்கத் தொடங்கியபின் ஒரு நிமிடம் விட்டு இறக்குங்கள். ஜோஹானஸ்பர்க், லெனேசியா பக்கத்து உறவினர்கள் அங்கே தண்ணீர் 94 அல்லது 95 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறதே என்று கேட்பதுண்டு. ஏறக்குறைய 1,700 மீட்டர் உயரத்தில் அப்படித்தான் இருக்கும். அந்த வெப்பமும் ஒரு நிமிடத்தில் கிருமிகளைக் கொல்லப் போதுமானது.

நான்காம் படி: 70 டிகிரி

பெரும்பாலான வீடுகளில் தவறு நடப்பது இங்கேதான். தண்ணீரைக் கவனமாகக் கொதிக்க வைத்து, வெதுவெதுப்பாகும்வரை ஆறவைத்து, அதில் பவுடரைப் போடுகிறோம். ஆனால் பவுடரும் கிருமியற்றது அல்ல. அதில் அரிதாக குரோனோபாக்டர், சால்மோனெல்லா என்ற கிருமிகள் இருக்கலாம். பச்சிளம் குழந்தைக்குக் குரோனோபாக்டர் தொற்றினால் இரத்தத்திலும் மூளையுறையிலும் கடும் நோய் வரும். இதற்காகவே உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், தண்ணீர் பவுடரோடு சேரும்போது 70 டிகிரி செல்சியஸுக்குக் குறையக் கூடாது என்று சொல்லப்பட்டது. இங்கே சூடான தண்ணீருக்கு இரண்டாவது வேலை ஒன்று இருக்கிறது. தான் சுத்தமாக இருப்பதோடு பவுடரையும் சுத்தம் செய்கிறது.

தண்ணீர் கொதித்து அணைந்தபின் 30 நிமிடத்துக்கு மேல் காத்திருக்கக் கூடாது என்பது அதே வழிகாட்டுதலின் அளவு. கெட்டிலில் ஒரு லிட்டராவது இருந்தால்தான் இந்த நேரம் பொருந்தும் என்பதை மறக்க வேண்டாம். ஒரு புட்டிக்கு வேண்டியதை மட்டும் கொதிக்க வைத்தால் அது வெகு சீக்கிரம் 70-க்குக் கீழே இறங்கிவிடும். உயரமான ஊரில் குறைந்த சூட்டிலிருந்தே தொடங்குவதால் இன்னும் சீக்கிரம் இறங்கும். சமையலறை வெப்பமானி ஒன்றை வாங்கி, உங்கள் கெட்டிலில் ஒரு லிட்டர் எத்தனை நிமிடத்தில் 75 டிகிரிக்கு வருகிறது என்று ஒரே ஒரு நாள் அளந்து, அந்த எண்ணைச் சுவரில் எழுதி ஒட்டிவிடுங்கள். நடு இரவில் கண் செருகும் நேரத்தில் அந்தச் சீட்டுதான் உதவும்.

பவுடர் டப்பாவோ வெதுவெதுப்பான தண்ணீரில் கலக்கச் சொல்லும். வெந்நீர் ஊற்றினால் சத்து போய்விடும் என்று பெரியவர்களும் சொல்வார்கள். சூட்டில் சில வைட்டமின்கள் ஓரளவு குறைவது உண்மை. நன்மை தரும் பாக்டீரியா சேர்த்த வகைகளில் அவை சாவதும் உண்மை. ஆனால் இரண்டு மாதம் நிறையாத குழந்தைக்கும், குறைமாதத்தில் பிறந்ததற்கும், எடை குறைந்ததற்கும், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்ததற்கும், தொற்றின் ஆபத்து அந்தச் சிறு இழப்பைவிட எத்தனையோ மடங்கு பெரியது. அந்தக் குழந்தைகளுக்கு 70 டிகிரியை விட்டுக்கொடுக்காதீர்கள் என்பதே என் கருத்து. டப்பாவுக்கும் இதற்கும் முரண் கண்டால், குழந்தையின் வளர்ச்சியைப் பதியும் ரோடு டு ஹெல்த் கையேட்டோடு கிளினிக் சிஸ்டரிடம் டப்பாவையும் எடுத்துச் சென்று கேளுங்கள். கலக்க வேண்டாத, திரவமாகவே வரும் ஃபார்முலா சீல் உடைக்கும்வரை கிருமியற்றது. விலை கூடுதலானாலும் குறைமாதக் குழந்தைக்கு முதல் வாரங்களில் அதையும் கேட்டுப் பார்க்கலாம்.

கலக்கும்போது முதலில் தண்ணீர், பிறகு பவுடர். கொதித்த புட்டியில் தேவையான அளவு சூடான தண்ணீரை ஊற்றி, அளவுக்கோட்டைக் கண்ணுக்கு நேரே வைத்துப் பாருங்கள். சில டப்பாக்களில் ஒரு கரண்டிக்கு 25 மில்லி, சிலவற்றில் 30 மில்லி என்றிருக்கும். ஒரு டப்பாவின் கரண்டியை வேறு டப்பாவுக்குப் பயன்படுத்தாதீர்கள். 25 மில்லிக் கணக்கில் 100 மில்லி தண்ணீருக்கு நான்கு கரண்டி, அமுக்காமல், கத்தியின் முதுகால் தட்டையாக்கிப் போட வேண்டும். பவுடர் சேர்ந்தபின் புட்டி 100-ஐத் தாண்டி நிற்கும், அது சரிதான். சிறிது வெந்நீரில் பவுடரைக் கரைத்து, மீதியை ஆறிய தண்ணீரால் நிரப்பும் குறுக்குவழியை நான் பரிந்துரைப்பதில்லை. கொஞ்சம் வெந்நீர் குளிர்ந்த புட்டியிலும் பவுடரிலும் பட்டவுடன் அதன் சூடு சரிந்துவிடும். முழு அளவையும் சூடாகவே ஊற்றிக் கலக்கி, மூடிய புட்டியைக் குளிர்ந்த தண்ணீர்ப் பாத்திரத்தில், மூடிக்குக் கீழே தண்ணீர் நிற்கும்படி வைத்து ஆற்றுங்கள். மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு துளி விட்டுப் பார்த்து, சூடு தெரியாதபோது கொடுங்கள். இரண்டு மணி நேரத்தில் குடிக்காத பாலைக் கொட்டிவிட வேண்டும்.

டோங்காட்டில் ஒரு வீடு

2022 ஏப்ரல் வெள்ளத்தில், டர்பனுக்கு வடக்கே உள்ள டோங்காட்டின் நீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி, ஊரே பல மாதங்கள் டேங்கர் லாரியை நம்பி இருந்தது. என் தங்கையின் மகளுக்கு அப்போது ஐந்து வாரம், எடை நாலரைக் கிலோ. கிலோவுக்கு ஏறக்குறைய 150 மில்லி என்ற கணக்கில் ஒரு நாளைக்கு 675 மில்லி பால் தேவைப்பட்டது. வீட்டில் மூன்று தண்ணீர்கள் இருந்தன: லாரியில் பிடித்த வாளித் தண்ணீர், கடையில் நிரப்பிய ரீஃபில் கேன், யாரோ கொண்டுவந்து கொடுத்த சீல் உடையாத ஐந்து லிட்டர் பாட்டில். மேசையில் ஜக் ஃபில்டரும் இருந்தது.

தங்கை முதலில் லாரித் தண்ணீரை ஜக் ஃபில்டரில் ஊற்றிக் கொதிக்க வைக்க நினைத்தாள். ஃபில்டரின் கரி, லாரித் தண்ணீரில் எஞ்சியிருந்த கொஞ்சக் குளோரினையும் எடுத்துவிடும், கலங்கலை முழுவதும் நீக்கவும் செய்யாது என்று நான் சொன்னேன். பாட்டிலின் லேபிளைப் படித்தோம். தயாரிக்கப்பட்ட நீர் என்றிருந்தது, சோடியமும் நைட்ரேட்டும் மிகக் குறைவாக இருந்தன. எனவே அந்த ஐந்து லிட்டரைப் பால் கலக்க மட்டும் ஒதுக்கினோம். 675 மில்லி பாலுக்கு அதைவிடச் சற்றுக் குறைவான தண்ணீரே வேண்டும் என்பதால், பாலில் சேரும் அளவை மட்டும் பார்த்தால் ஒரு வாரம் தாங்கும் என்று கணக்கிட்டோம். ரீஃபில் கேன், பாட்டில் தீர்ந்தால் பயன்படுத்துவதற்கு. லாரித் தண்ணீர் புட்டியும் முலைக்காம்பும் கழுவுவதற்கு, கழுவியபின் அவற்றைக் கொதிநீரில் மூழ்க வைத்து எடுப்பதற்கு. வாளிக்குள் குவளையை விட்டு மொள்வதை நிறுத்தி, அடியில் குழாய் பொருத்திய மூடிய வாளிக்கு மாற்றினோம், ஏனெனில் தண்ணீரைவிடக் குவளையைப் பிடித்த கைதான் அங்கே அழுக்காக இருந்தது. கரண்ட் போனால் கேஸ் அடுப்பு இருந்தது. பாட்டில் தண்ணீரையும் ஒவ்வொரு முறையும் கொதிக்க வைத்தோம். பக்கத்து வீட்டு அக்கா, விலைக்கு வாங்கிய தண்ணீரை ஏன் காய்ச்சுகிறீர்கள் என்று இரண்டுமுறை கேட்டார். பவுடருக்காகத்தான் அக்கா என்று தங்கை சொன்னாள்.

குழாயில் தண்ணீர் திரும்பி வந்தபோது முதலில் தேநீர் நிறத்தில் வந்தது. அதைக் கழிவறைத் தொட்டிக்குப் பிடித்தோம். வெள்ளைக் கண்ணாடி டம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தபோது அடியில் எதுவும் படியாமல் தெளிந்து, குளோரின் வாடை மீண்டும் லேசாக வந்த பிறகுதான், கெட்டிலைக் கழுவிப் புதிதாக ஒரு லிட்டர் நிரப்பினாள்.